சுரங்கப்பாதைக்கு ஒரு குறுஞ்செய்தி

எதிர்வீட்டுக்காரிக்கு எங்கள் கட்டடத்தில் ரேடியோ என்று பெயர். வைத்தது நானில்லை, பரப்பியது வேண்டுமானால் நானாக இருக்கலாம். உப்பு தீர்ந்துவிட்டது என்பதைச் சொல்ல அவளுக்கு அரைமணி நேரம் வேண்டும். கணவர் வேன் ஓட்டுகிறார். அவருக்கு எதையும் வாட்ஸ்அப்பில் குரல் பதிவாகத்தான் அனுப்புவாள். கதவு சாத்தியிருந்தாலும் எனக்குக் கேட்கும். நான் என்ன செய்ய, காது அப்படி.

புயல் கரையைக் கடந்த மறுநாள் மதியம், மழை கொஞ்சம் விட்டதும் மொட்டை மாடிக்குப் போனேன். ரயில் பாதைக்கு அடியில் போகிற சுரங்கப்பாதை தெரிந்தது. பாதை எங்கே தெரிந்தது, குளம்தான் தெரிந்தது. நடுவில் ஒரு காரின் கூரை மட்டும் மிதக்கிற தட்டு மாதிரி. ஓடிவந்து ரேடியோவிடம் சொன்னேன்.

"ஐயோ அக்கா, அவர் குடோன்ல சரக்கு இறக்கிட்டுக் கிளம்புறேன்னாரே! அந்த வழியாத்தானே வருவார். சரிவுல இறங்கினப்புறம்தானே தண்ணியே தெரியும்!"

போன் போட்டாள். "அனைத்து இணைப்புகளும் உபயோகத்தில் உள்ளன" என்றது ஒரு பெண் குரல். மறுபடி போட்டாள். மறுபடி அதே பெண். மூன்றாம் தடவை அந்தப் பெண்ணையே திட்டினாள்.

"கட்டம் நாலும் நிறைய இருக்குக்கா! சிக்னல் இருந்தும் போக மாட்டேங்குதே, இது என்ன அநியாயம்!"

நடுநடுவே குரல் பதிவு. "என்னங்க, எத்தனை தடவை சொன்னேன், போக வேணாம்னு. உங்க அக்கா சொன்னா மட்டும் காதுல ஏறும்..." ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு குட்டிக் கடிகாரம் வந்து உட்கார்ந்துகொண்டு நகரவே மறுத்தது. என் போனையும் எடுத்து முயன்றேன். அதுவும் அதே பல்லவி. எரிச்சலில் என் தங்கைக்கும் நாலு தடவை அடித்துப் பார்த்தேன், காரின் கூரையைப் பற்றிச் சொல்லலாமே என்று.

மேல்மாடி நர்ஸ் மழைக்கோட்டோடு டியூட்டிக்கு இறங்கி வந்தாள். எங்கள் கூச்சலில் நின்றாள்.

"ரெண்டு பேரும் அடிச்சுக்கிட்டே இருந்தா எப்படி? ஊரே இப்ப இதைத்தான் பண்ணுது. பேசணும்னா பேசி முடிக்கிற வரைக்கும் ஒரு வழி உங்களுக்கே ஒதுங்கி இருக்கணும். அதான் கிடைக்கல. சாதா எஸ்எம்எஸ் அனுப்புங்க. அதுக்குக் கொஞ்சூண்டு இடம் போதும், உள்ள நுழைஞ்சுடும். அவர் போன் உடனே கிடைக்கலன்னாலும் நெட்வொர்க்கே அதை வச்சிருந்து திரும்பத் திரும்பக் கொடுத்துப் பார்க்கும். ஆஸ்பத்திரில நாங்க இப்ப அப்படித்தான்." என்னைப் பார்த்தாள். "நீங்க போனைக் கீழ வைங்கக்கா. உங்க சேதி ஒண்ணும் அழுகிப் போயிடாது."

அவசரத்திலும் ஒரு குத்து! சரி, போகட்டும்.

ரேடியோ எஸ்எம்எஸ்ஸைத் தேடிக் கண்டுபிடித்தாள். வங்கிக்காரனைத் தவிர வேறு யாரும் எட்டிப் பார்க்காத இடம் அது. தட்டினாள், தட்டினாள், தட்டிக்கொண்டே இருந்தாள். எட்டிப் பார்த்தேன். 'என்னங்க சாப்பிட்டீங்களா' என்று தொடங்கி, கரண்ட் போனது, பால்கனியில் துணி பறந்தது எல்லாம் முடித்து, சுரங்கப்பாதைக்கு இன்னும் வந்து சேரவில்லை.

ஒருவழியாக அனுப்பினாள். 'அனுப்ப முடியவில்லை' என்று சிவப்பாக வந்தது.

"பாத்தீங்களா, இதுவும் போகல!" என்று நர்ஸ் மேல் பாய்ந்தாள்.

"இவ்ளோ எழுதினா அதை நாலஞ்சு துண்டா வெட்டித்தான் அனுப்பும். எல்லாத் துண்டும் போய்ச் சேரணும். தமிழ்ல இன்னும் சீக்கிரமே துண்டாகும். ரெண்டு வரிதான். கெஞ்சிக் கேக்கறேன்."

"ரெண்டு வரியிலயா? மொட்டையா எழுதினா கோபமா இருக்கேன்னு நினைப்பாரே!"

"நினைக்கட்டும்டி, உயிரோட இருந்து நினைக்கட்டும்!" என்றேன் நான்.

பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினாள்: 'சுரங்கப்பாதையில் தண்ணீர். வராதீங்க. குடோனிலேயே இருங்க.' சாப்பிட்டீங்களா இல்லாமல் அவள் எழுதிய முதல் சேதி அதுவாகத்தான் இருக்கும். முதல் தடவை போகவில்லை. கொஞ்சம் பொறுத்து மறுபடி அழுத்தச் சொன்னாள் நர்ஸ். போனது.

போனதா, சேர்ந்ததா? அதை யார் சொல்வது? நர்ஸ் கிளம்பிவிட்டாள். ரேடியோ வாயைத் திறக்காமல் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். அவளை அப்படிப் பார்த்ததே இல்லை. போனை எடுக்கப் போகிற கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டாள்.

டிங் என்றது. 'சரி. பாதி வழி. திரும்புறேன்.'

அழுதாள். உடனே கண்ணைத் துடைத்துக்கொண்டு சிடுசிடுத்தாள்: "இவ்ளோ பாடுபட்டு அனுப்பினா, நாலே வார்த்தை! நல்லா இருக்கியான்னு ஒரு வார்த்தை கேட்டா கை தேஞ்சிடுமா?"

சாயங்காலம் நெட்வொர்க் உயிர்பெற்றது. குட்டிக் கடிகாரங்கள் வரிசையாகக் கிளம்பிப் போயின. அவர் அக்காவைத் திட்டியது, அவர் மூளையைத் திட்டியது எல்லாம். அவள் அலறியடித்து அழிக்கப் போவதற்குள் ஒவ்வொன்றின் டிக்கும் நீலமாகிவிட்டது, கேட்டுவிட்டார். பொழுது போகாமல் குடோனில் உட்கார்ந்திருக்கிற மனுஷன், வேறு என்ன செய்வார்?

இப்போது போன் அடிக்கிறது. நன்றாகவே அடிக்கிறது. அவள்தான் எடுக்க மாட்டேன் என்கிறாள்.