இறால் முத்திரை

என் நூலகம் இருந்த இடத்தில் ஒரு நீல பிளாஸ்டிக் தொட்டி உட்கார்ந்திருந்தது.

"இன்னா அப்பிடி பாக்குற? சூப்பரா கீதுல்ல?" என்று அம்மா அதைத் தட்டிக் காட்டினாள். காசிமேட்டில் மீன் விற்றுவிட்டு வந்த முந்தானைகூட இன்னும் காயவில்லை. "பழைய பேப்பர்காரன் வந்தான். எடைக்குப் போட்டேன், இத்த குடுத்துட்டுப் போனான்."

"யம்மா, அது என் புக்குங்கம்மா!"

"அட்டகூட இல்லாம கீது, அது புக்கா? பெட்டி என்னுது. மீன் பெட்டில நீ புக்க அடுக்கினா மீன எங்க வெக்கிறது? உன் தலமேலயா?"

அம்மா சொன்னதில் பொய் இல்லை. இரண்டு மீன் பெட்டிகளைப் பக்கவாட்டில் கவிழ்த்து, ஒன்றின்மேல் ஒன்று அடுக்கித்தான் அலமாரி செய்திருந்தேன். பாதிப் புத்தகங்களுக்கு அட்டையும் கிடையாது. அட்டை இல்லாத மாத நாவல்களை வண்ணாரப்பேட்டை நடைபாதைக் கடையில் கட்டாகக் கொடுப்பார்கள். மழை வருகிற மாதிரி இருந்தால் இன்னும் மலிவு, கடைக்காரருக்கும் தார்ப்பாய் தேடுகிற வேலை மிச்சம். அதனால் வானம் கறுத்தாலே எனக்குக் கால் நிற்காது.

தொடர்கதைகளுக்கு வேறு வழி. வாடகை நூலகம் வைத்திருக்கும் அப்துல் வஹாப் பாய், யாரும் எடுக்காத பழைய வார இதழ்களை எடைக்குத் தருவார். அதிலிருந்து தொடரை மட்டும் பிரித்து, வலை பின்னும் நூலால் தைத்து, மைதாப் பசையில் துளி மயில்துத்தம் கலந்து ஒட்டினால் பூச்சி அண்டாத தடித்த புத்தகம் ஒன்று பிறக்கும். எதையும் முதலில் பாயிடம் வாடகைக்கு எடுத்துப் படித்துவிடுவேன். மறுபடி படிக்கத் தோன்றினால்தான் கடை கடையாகத் தேடுவேன். இந்தச் சிக்கனத்துக்கு பாய் கொடுத்த மெம்பர் கார்டுதான் ஆதாரம்.

அம்மா எடைக்குப் போட்டதில் பாயின் வாடகைப் புத்தகமும் ஒன்று. மூன்று பாக நாவலின் முதல் பாகம்! புத்தகத்தைத் தொலைத்தவரின் கார்டை பாய் அவர் கண் முன்னாலேயே கிழிப்பார். முன்பணம் போனால்கூடப் போகட்டும். கார்டு போனால் எனக்கு எல்லாம் போயிற்று.

பக்கத்து வீட்டு நர்மதாவை இழுத்துக்கொண்டு ஓடினேன். இருவரும் ஒரே ஷெட்டில் இறால் உரிக்கிறோம். எனக்குப் பேச வராத இடத்தில் அவள் பேசுவாள். எனக்குப் பேச வருகிற இடத்திலும் அவளே பேசுவாள்.

பழைய பேப்பர்காரர்கள் சரக்கு இறக்குவது வெள்ளத்துரை அண்ணாச்சி கடையில். அங்கே ஒரு ஆள் மட்டும் அட்டைப்பெட்டிகளை மிதித்துத் தட்டையாக்கிக்கொண்டிருந்தார்.

"புக்கு மூட்ட ஒண்ணு வந்துச்சா?" என்றாள் நர்மதா.

"வந்துச்சு. ஓனரு பிரிச்சுப் பாத்தாரு, மூஞ்சி மாறிப்போச்சு. ஆட்டோல தூக்கிப் போட்டுகினு பூட்டாரு."

"எங்க?"

"எனக்கு இன்னாம்மா தெரியும்? எடைக்கு வந்தது மில்லுக்குத்தான் போவும்."

என் தலைக்குள் ஒரு ராட்சத மிக்ஸி ஓடியது. என் நாவல்கள் எல்லாம் கூழாகி, அட்டைப்பெட்டியாகி, அதற்குள் யாரோ செருப்பு வைத்து விற்கிறார்கள்.

"பாய்கிட்ட உண்மைய சொல்லிடு" என்றாள் நர்மதா. "அழு. நான் பின்னால நின்னு தேம்புறேன்."

வழி முழுக்க மன்னிப்பை ஒத்திகை பார்த்தேன். பாயின் கடை வாசலில் வாய் திறந்தது. "பாய்..." என்பதோடு நின்றுவிட்டது.

மேசைமேல் என் நூலகம் இருந்தது!

வெள்ளத்துரை அண்ணாச்சி டீ கிளாஸோடு பாய் முன்னால் உட்கார்ந்திருந்தார். "உங்க முத்திர ஒண்ணுலதான் இருக்கு பாய். மத்த எல்லாத்துலயும் எறா படம் போட்டிருக்கு. முத்திர இருந்தா நாங்க வியாபாரம் பண்ண மாட்டோம், திருட்டுச் சரக்குன்னு பேராயிரும். இது எந்தூரு லைப்ரரி? ஆயிரத்துக்கு மேல நம்பர் போவுது. பெரிய எடமா இருக்கும் போல!"

என் காது சூடாகிவிட்டது. நூலகம் என்றால் முத்திரை வேண்டாமா? முதல் பக்கத்தில் ஒன்று, யாராவது அதைக் கிழித்தால் என்ன செய்வது என்று உள்ளே குறிப்பிட்ட ஒரு பக்கத்தில் இன்னொன்று. பாயின் வழக்கம் அது. அதைப் பார்த்து நானும் பிய்ந்த ஹவாய் செருப்பை வெட்டி முத்திரை செய்தேன். எழுத்து வெட்ட வரவில்லை. கைக்குப் பழகிய உருவம் இறால்தான். மொத்தம் நூறு புத்தகம்கூடத் தேறாது. ஆனால் எண்ணை ஒன்றிலிருந்து ஆரம்பிக்க அவமானமாக இருந்ததால் ஆயிரத்தொன்றிலிருந்து போட்டிருந்தேன்.

பாய் ஒரு புத்தகத்தை விரித்து முகர்ந்தார். கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"தொர, முத்திரைல மட்டும் இல்ல, பேப்பர்லயும் எறா வாசன வருது. நம்ம லைப்ரரி மெம்பர் ஒருத்தி புக்கு திருப்பித் தந்தாலும் இதே வாசனதான்."

நான் நர்மதாவின் பின்னால் போனேன். அவள் நகர்ந்துகொண்டாள்.

"இவதான் பாய் எறா லைப்ரரி ஓனரு!" என்றாள், ஏலம் விடுகிற குரலில். "இவங்கம்மா தெரியாம எடைக்குப் போட்டுச்சு. உங்க புக்கும் அதுல பூட்ச்சு. கார்ட கிழிச்சிடாதீங்கோ!"

பாய் சிரிக்க ஆரம்பித்தார். தாடி குலுங்கியது, மேசை குலுங்கியது, ஆயிரத்து ஏழாம் எண் கீழே விழுந்தது. "எனக்கே இன்னும் ஆயிரம் தேறல! எறா லைப்ரரிக்கு ஆயிரமாம்!" கண்ணைத் துடைத்துக்கொண்டு தன் முதல் பாகத்தை எடுத்து அலமாரித் தட்டில் வைத்தார். கார்டில் வரவு போட்டார். கிழிக்கவில்லை. "ரெண்டாம் பாகம் எட்த்துக்கோ. இந்தத் தபா மீன் பெட்டில வெக்காத கண்ணு."

அண்ணாச்சி மட்டும் சிரிக்கவில்லை. "அப்ப என் ஆளு தொட்டி குடுத்த கணக்கு?"

என் பையில் பஸ்ஸுக்குத்தான் காசு இருந்தது.

"இன்னொண்ணும் இருக்கு" என்று அவர் தலையைச் சொறிந்தார். "ஆயிரத்து முப்பத்துநாலு எங்க வீட்டுல இருக்கு. எம் பொண்டாட்டி படிச்சிட்டிருக்கா. பாதியில கேட்டா எனக்குச் சோறு கெடைக்காது."

"அப்போ வாடகை போடு!" என்று பாய் என்னைப் பார்த்து மேசையைத் தட்டினார். "வெலைல பத்துல ஒரு பங்கு. தொட்டிக் கணக்கு தீர்ற வரைக்கும் அவங்க படிக்கட்டும்."

"அட்டையே இல்லையே பாய், வெலய எங்க பாக்க?" என்றார் அண்ணாச்சி.

"படிச்சுட்டு அவங்களே சொல்லட்டும்" என்றேன் நான். நான்தான் சொன்னேன்! நர்மதா என்னைத் தொட்டுப் பார்த்தாள்.

மறுநாள் அம்மா வாசலில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். கையில் ஆயிரத்து முப்பத்துநாலோடு ஒரு பெண்மணி வந்து நின்றார்.

"எறா லைப்ரரி இதானா?"

"எறா இன்னிக்கு இல்லம்மா, வஞ்சிரம் கீது."

"இல்ல, இந்தக் கதையோட அடுத்த பாகம் வேணும்."

அம்மா அவரைப் பார்த்தாள். உள்ளே தரையில் குவிந்திருந்த புத்தகங்களைப் பார்த்தாள். பிறகு எழுந்தாள். பெட்டியிலிருந்த மீனை நீலத் தொட்டியில் கொட்டினாள், பெட்டியைக் கழுவினாள், வெயிலில் கவிழ்த்தாள்.

"குந்தும்மா" என்றாள் வந்தவரிடம். "பெட்டி காயட்டும். லைப்ரரி தொறக்க இன்னும் கொஞ்சம் டைம் ஆவும்."