ஐம்பது பீஸ்

விலை எழுதித் தரும்போது கோதண்டம் ஒரு கேள்வியைக் கேட்க மறந்தார். கம்பெனியில் மொத்தம் ஆயிரம் புஷ், அதாவது துளையுள்ள சின்ன இரும்பு உருளைகள், வேண்டும் என்றார்கள். ஒரு தடவைக்கு எத்தனை என்று அவர் கேட்கவில்லை. ஆயிரம் என்றதும் மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை.

மண்ணூரில் அவருடைய பட்டறையில் இருந்தது ஒரே ஒரு கேப்ஸ்டன் லேத், இரும்பு கடையும் இயந்திரம். ஒரு வேலையை முடித்து இன்னொன்றுக்கு மாற்ற, டூல்களைக் கட்டி, தடுப்புகளை வைத்து, அளவு சரியாக வரும்வரை ஓட்டிப் பார்க்க, லேத் ஓட்டும் தாவீதுக்கு நாலு மணி நேரம் பிடிக்கும். செலவு இருநூறு ரூபாய். ஆயிரம் பீஸுக்கு அது தலைக்கு இருபது காசு. கம்பியும் கடைசலும் மூன்று ரூபாய். மூன்றரைக்குக் கட்டும் என்று கணக்குப் போட்டார்.

வந்த ஆர்டர் சீட்டில் வாரம் ஐம்பது என்றிருந்தது. ஐம்பதுக்கும் அதே நாலு மணி நேரம்தான். தலைக்கு நாலு ரூபாய் ஏறி, மூன்றரைக்கு விற்கும் பீஸ் ஏழு ரூபாயில் போய் நின்றது.

இரண்டு வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு கொடுத்தார். மூன்றாம் வாரம், "மிச்சம் தொள்ளாயிரத்தையும் ஒரே மூச்சுல ஓட்டிடு தாவீது. வாரா வாரம் எடுத்துக் குடுத்துக்கலாம்" என்றார்.

"இரும்பு பின்னு கடையச் சொல்லி வேற கம்பெனி ஆளு வந்து நிக்கிறான் மொதலாளி."

"ஒரு வாரம் பொறுக்கச் சொல்லு."

பின் கடையக் கேட்டவர்கள் பொறுக்கவில்லை. பிள்ளைப்பாக்கத்தில் வேறு பட்டறை பார்த்துக்கொண்டார்கள். பட்டறையில் புஷ் மூட்டைகள் எண்ணெய் மினுக்கோடு அடுக்கியிருந்தன. அதிலிருந்து ஐம்பது போனது. அடுத்த வாரம் கம்பெனியில் கொள்முதல் பார்க்கும் வசந்தகுமார் புது டிராயிங்கை நீட்டினார்.

"வெளி விட்டம் அரை மில்லி கூட்டிட்டாங்க சார். இந்த ஐம்பதுலருந்து புதுசு."

கடைந்ததைப் பெருக்க முடியாது. எண்ணூற்றைம்பதும் இனி பழைய இரும்பு.

"பழசை எடுத்துக்குவீங்களா?" என்று கேட்டார் கோதண்டம்.

"நாங்க வாரம் ஐம்பதுதானே கேட்டோம்? ரேட் அதேதான்."

அந்த விலைக்கு ஒத்துக்கொண்டால் லேத் ஓடும், வாரா வாரம் கையைக் கடித்துக்கொண்டு ஓடும். ஒத்துக்கொள்ளாவிட்டால் நிற்கும்.

"ஐம்பது ஐம்பதா எடுத்தா ஏழரை ரூபா சார். ஆயிரமா ஒரேயடியா எடுங்க, மூணரைக்கே தர்றேன்."

வசந்தகுமார் சிரித்தார். "ஏழரையா? டிராயிங்கை வச்சிட்டுப் போங்க, வேற பட்டறை பாத்துக்குறோம்."

வைத்துவிட்டு வந்தார். பட்டறையில் தாவீது டூல்களைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"புதுசுக்கு இன்னா அளவு மொதலாளி? இப்பவே கட்ட ஆரம்பிச்சா மத்தியானத்துக்குள்ள ஓட்டிடலாம்."

"இருக்கிறதக் கழட்டிடு."

"கழட்டிட்டு இன்னா கட்றது?"

கோதண்டம் லேத்தைப் பார்த்தார்.

"ஒண்ணும் இல்ல," என்றார்.