நான் கிளம்பும்போது ஞாபகப்படுத்து

எங்கள் பார்லரில் தலைக்குச் சாயம் போடுவது அக்கா, முடி வெட்டுவது நான். அக்கா என்றால் கூடப் பிறந்தவள் இல்லை, பெரியம்மா மகள். ஆனால் வருகிற பெண்கள் எல்லோருக்கும் நாங்கள் அக்கா தங்கைதான். கடையை இருவரும் சேர்ந்தே ஆரம்பித்தோம். கட்டடத்துக்காரரோடு போட்ட ஒப்பந்தத்திலும் இருவர் பெயரும் இருந்தது. அந்த ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிகிறது. புதுப்பிக்கிற பேச்சை அக்கா தன் தலையில் போட்டுக்கொண்டாள்.

"நான் பேசிக்கறேன்டி. உனக்கு வாய் நீளம். நீ போனா காரியம் கெட்டுடும்" என்றாள். என் வாய் நீளம்தான், மறுக்கவில்லை. சரி என்று விட்டுவிட்டேன்.

சாயம் போடும்போது அக்காவின் இரண்டு கையிலும் கையுறை இருக்கும், கையுறை முழுக்கக் கறுப்பு அப்பியிருக்கும். அதனால் அவள் ஃபோன் அடித்தால் நான்தான் போய்ப் பார்ப்பேன். திரையில் அழைப்பு வரும்போது, எடுக்கிற இடத்துக்கு மேலே 'ரிமைண்ட் மீ' என்று சின்னதாக ஒன்று இருக்கும். அதைத் தொட்டால் எப்போது ஞாபகப்படுத்த வேண்டும் என்று கேட்கும். ஒரு மணி நேரத்திலா, நான் இங்கிருந்து கிளம்பும்போதா? ஏதாவது ஒன்றை அமுக்கினால் அழைப்பு கட்டாகிவிடும், ஃபோன் மறக்காமல் நேரத்துக்குச் சொல்லிவிடும். இதைக் கண்டுபிடித்து அக்காவுக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். அதற்காக ஒரு வாரம் மார்தட்டிக்கொண்டு திரிந்தேன்.

கொஞ்ச நாளாக அவளுக்கு 'பல் டாக்டர்' என்ற பெயரில் அழைப்பு வந்துகொண்டிருந்தது.

"கிளம்பும்போதுன்னு போடு" என்பாள்.

"இப்பவே பேசிடேன் அக்கா, நான் காதுல வெச்சுப் பிடிச்சுக்கறேன்."

"கடைக்குள்ள சொத்தைப்பல்லைப் பத்திப் பேசினா வர்றவங்க மூஞ்சியைச் சுளிப்பாங்கடி. தெருமுனை தாண்டினதும் அதுவே கத்தும், பேசிக்கறேன்."

நானும் ஒவ்வொரு முறையும் பயபக்தியோடு 'கிளம்பும்போது' என்பதையே அமுக்கினேன். வலிக்குமே என்று வெந்நீரில் உப்புப் போட்டு வேறு கொடுத்தேன். அவளும் வாய் கொப்பளித்துத் துப்பினாள். அதே பக்கத்துப் பல்லால் வறுத்த கடலையைக் கடகடவென்று அரைத்துக்கொண்டும் இருந்தாள். பார்த்தேன், ஆனால் ஒன்றும் தோன்றவில்லை. எனக்கு வாய்தான் நீளம், மூளை இல்லை.

அன்று மதியம் டீச்சர் வந்திருந்தார். கடை திறந்த நாளிலிருந்து என்னிடம்தான் முடி வெட்டிக்கொள்வார். முதலில் சாயம், பிறகு நுனி வெட்ட வேண்டும். அக்கா தூரிகையும் கிண்ணமுமாக அவர் தலையில் வேலையைத் தொடங்கியதும் ஃபோன் அடித்தது. பல் டாக்டர்.

"எப்பவும் போல போட்டுடு" என்றாள் அக்கா, திரும்பாமலே.

காலையிலிருந்து கன்னத்தில் கை வைத்துக்கொண்டிருந்தாள். பாவம், நாங்கள் கடை சாத்துவதற்குள் டாக்டர் வீட்டுக்குப் போய்விடுவாரே, இன்னொரு ராத்திரி வலியோடு படுப்பாளே என்று என் மனசு கேட்கவில்லை. 'ஒரு மணி நேரத்தில்' என்பதை அமுக்கினேன். அதற்குள் டீச்சர் தலை முடிந்துவிடும், பேசிவிடலாம் என்று கணக்கு.

ஆனால் சாயம் ஊற நேரம் எடுத்தது. ஃபோன் சத்தம் போட்டபோது அக்கா பின்பக்கத் தொட்டியில் டீச்சர் தலையைச் சாய்த்து அலசிக்கொண்டிருந்தாள். தண்ணீர்ச் சத்தத்தில் அவளுக்குக் கேட்கவில்லை. 'பல் டாக்டரைத் திரும்ப அழைக்கவும்' என்று திரையில் நின்றது. தொட்டேன். அவள் பூட்டு எண் எனக்குத் தெரியும், என்னுடையது அவளுக்குத் தெரியும். உள்ளே இருந்த ஃபோன் குறியை அமுக்கினேன். ஈரக்கையோடு இருக்கிறாளே என்று ஸ்பீக்கரையும் போட்டு, எடுத்துக்கொண்டு அவளிடம் நடந்தேன். பாதி வழியில் எடுத்துவிட்டார்கள்.

"என்னம்மா, கூப்பிட்டா எடுக்கவே மாட்டேங்கறீங்க?"

பல் டாக்டர் இல்லை. எங்கள் கட்டடத்துக்காரர். அந்தக் கரகரப்பு எனக்குத் தெரியாதா?

"அக்ரிமெண்ட் ரெடி. நீங்க சொன்ன மாதிரி உங்க பேரை மட்டும் போட்டு, தங்கச்சி பேரை எடுத்தாச்சு. நாளைக்கு வந்து கையெழுத்துப் போட்டுடுங்க. அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிட்டீங்களா, இல்லையா? பின்னாடி என்கிட்ட வந்து சண்டை போடக் கூடாது."

அக்கா தண்ணீரை நிறுத்தியிருந்தாள். டீச்சர் கண்ணை மூடிக்கொண்டு தூங்குவதுபோல் கிடந்தார்.

"இப்பத்தான் நீங்களே சொல்லிட்டீங்களே சார்" என்றேன். அவர் ஏதோ முனகிவிட்டு வைத்துவிட்டார்.

"பல்லு எப்படி இருக்கு அக்கா?" என்று கேட்டேன்.

"உன்கிட்ட சொல்லணும்னுதான்டி இருந்தேன்."

"எப்போ? தெருமுனை தாண்டினதுக்கு அப்புறமா?"

"கத்தாதே, கஸ்டமர் இருக்காங்க." குரலைத் தாழ்த்தினாள். "ஒரு கடைக்கு ரெண்டு முதலாளி சரிப்படலைடி. உன்னை யாரு போகச் சொன்னா? உன் நாற்காலி உன்னோடதுதான். மாசமானா சம்பளத்தை வாங்கிட்டு நிம்மதியா இரு. வாடகை, கரண்ட்டுன்னு உனக்கு எதுக்கு இந்தத் தலைவலி?"

பெயரை எடுத்ததைக்கூட ஒரு நாள் பொறுத்துக்கொள்வேனோ என்னவோ. ஆனால் என் கழுத்தை அறுக்கிற பேச்சை ஒவ்வொரு முறையும் தெருவுக்குத் தள்ளிவிட என் விரலையே பிடித்து அமுக்க வைத்திருக்கிறாளே, அதைத்தான் தாங்க முடியவில்லை. அழுதுவிடுவேன் என்று பயந்து, டீச்சர் தலையில் துண்டைச் சுற்றி என் நாற்காலிக்கு அழைத்து வந்தேன்.

கத்தரிக்கோலை எடுத்தேன். டீச்சர் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார்.

"என்ன இருந்தாலும் உங்க அக்கா இப்படிப் பண்ணியிருக்கக் கூடாதும்மா" என்றார் மெதுவாக. "நீ மனசைத் தளர விடாதே. தனியா ஒரு கடை போடு. முதல் ஆளா நான் வந்து உட்காருவேன்."

அவ்வளவுதான், அடக்கிவைத்திருந்தது பொலபொலவென்று கொட்டிவிட்டது. டீச்சர் என் கையைத் தட்டிக்கொடுத்தார். அவர் ஒருவர் போதும் என்றுகூட அந்த நேரத்தில் தோன்றியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, இதுவரை யாருக்கும் வெட்டாத அழகில் அவருக்கு வெட்டிவிட்டேன்.

பிறகு முகம் கழுவிக்கொள்ளப் பின்பக்கம் போனேன். தடுப்புக்கு அந்தப் பக்கம் டீச்சர் பணம் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"அடுத்த மாசத்துக்கு எனக்கு ஒரு சனிக்கிழமை போட்டு வைங்க" என்றார் அக்காவிடம். "எனக்கு இந்த இடம்தான் பக்கம். ஆமா, வெட்டறதுக்கு யாராவது இருப்பாங்கல்ல?"

"இருப்பாங்க டீச்சர். ஆள் பார்த்தாச்சு" என்றாள் அக்கா.