அண்ணனுக்கு ஒரு வாய் காப்பி

வெல்டருக்குக் காப்பி போடத் தெரியாது. பட்டறைக்கு எதிரே இருக்கும் கடையிலிருந்து எது வந்தாலும் குடிப்பார். சூடாக இருந்தால் சரி. அவருடைய அண்ணன் அப்படியில்லை. அச்சகத்தில் மெஷின் ஓட்டி ஓய்வு பெற்றவர், மனைவி போன பிறகு தனியாக இருந்தவர். காப்பி விஷயத்தில் மட்டும் அவருக்குச் சாமானியத்தில் திருப்தி வராது.

அந்த அண்ணனுக்குத் தொண்டையில் கட்டி. இனிமேல் அறுத்துப் பயனில்லை, வலி தெரியாமல் பார்த்துக்கொள்வோம் என்று டாக்டர் சொல்லி, ஆஸ்பத்திரியின் பின்கட்டுக்கு மாற்றிவிட்டார். மூக்கு வழியாகப் போகும் குழாயில்தான் சாப்பாடு. பேச்சு காற்றாகத்தான் வரும்; வாயருகே காதை வைத்தால்தான் கேட்கும்.

ஒருநாள் காலையில் அண்ணன் கையசைத்துக் கூப்பிட்டார். வெல்டர் குனிந்தார்.

"காப்பி."

வெல்டர் நர்ஸிடம் ஓடினார். "குடிக்கக் கூடாது, புரையேறிடும். பஞ்சுக் குச்சியை ஆறின காப்பியில முக்கி, நல்லாப் பிழிஞ்சிட்டு வாயை நனைச்சு விடலாம். ருசி தெரியும்ல" என்றாள் நர்ஸ். வெல்டர் வராந்தா மெஷினில் ஒரு கோப்பை பிடித்துவந்து குச்சியை நீட்டினார். அண்ணன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"இதுவா காப்பி? வீட்ல என் குடுவை இருக்கு."

மறுநாள் குடுவை வந்தது. கைப்பிடி போட்ட உயரமான கண்ணாடிப் பாத்திரம். மூடியின் நடுவே ஒரு கம்பி, கம்பியின் அடியில் வட்டமாக ஒரு சல்லடை. வரும் வழியில் வெல்டர் கடையில் பொடியும் வாங்கிக்கொண்டார். நல்லதாகக் கொடு என்றதற்குக் கடைக்காரர் மாவுபோல் அரைத்த பொடியைக் கொடுத்திருந்தார்.

நோயாளிகளின் வீட்டார் சமைத்துக்கொள்ள வராந்தாக் கோடியில் ஒரு சின்ன அறை உண்டு. அங்கே வெல்டர் பொடியைக் கொட்டினார், கொதிக்கக் கொதிக்கத் தண்ணீரை ஊற்றினார், உடனே கம்பியை அழுத்தினார். அது இறங்க மறுத்தது. இரும்போடு மல்லுக்கட்டிப் பழகிய கை. உள்ளங்கையை வைத்து ஒரே அழுத்து. மூடியோரம் பீய்ச்சிக்கொண்டு சுடுதண்ணீரும் சக்கையும் மணிக்கட்டில் அடித்தன.

"குழாய்த் தண்ணியில காட்டுங்க கையை. முதல்ல அது" என்று பின்னால் குரல் கேட்டது.

எதிர் அறை அம்மா. காப்பியும் ரொட்டியும் விற்கும் பேக்கரியில் வேலை. அவளுடைய கணவர் இரண்டு நாளாகக் கண் திறக்கவில்லை. கழுவிய தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"கம்பி மாட்டிக்கிச்சும்மா" என்றார் வெல்டர்.

"கம்பி மேல தப்பில்லண்ணே. இவ்வளவு நைஸான பொடி சல்லடையை அடைச்சிடும். அடைச்சப்புறம் அமுக்கினா மூஞ்சியிலதான் அடிக்கும். கையோட போச்சேன்னு நினைச்சுக்கோங்க. இதுக்கு ரவை மாதிரி, அதைவிடக் கொஞ்சம் பெருசா அரைச்சிருக்கணும். நாளைக்கு எங்க கடையிலேர்ந்து வாங்கி வெச்சிருக்கேன்."

"எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா. எழுத்துக் கூட்டிப் படிக்கிற பிள்ளைக்குச் சொல்ற மாதிரி சொல்லுங்க."

அவள் சிரித்த மாதிரி இருந்தது. அந்தக் கட்டடத்தில் சிரிப்பு அந்த அளவோடு நின்றுவிடும்.

மறுநாள் காலை சொன்னபடியே பொடியோடு வந்தாள். தான் எதையும் தொடவில்லை. மேடையில் சாய்ந்துகொண்டு சொல்ல மட்டும் செய்தாள்.

"முதல்ல வெறும் சுடுதண்ணி ஊத்திக் குடுவையைச் சூடு பண்ணுங்க. கண்ணாடி ஜில்லுன்னு இருந்தா காப்பி சீக்கிரம் ஆறிப்போகும். ம், இப்ப அதைக் கொட்டிடுங்க. பெரிய ஸ்பூன்ல பொடி போடுங்க. ஒரு சின்னக் கப் தண்ணிக்கு ஒண்ணரை ஸ்பூன். ரெண்டு கப் போடுவோம், அப்ப மூணு ஸ்பூன்."

"ஒரு சொட்டுதானே அவருக்கு?"

"ரொம்பக் கொஞ்சமாப் போட்டா சல்லடை தண்ணியைத் தொடவே தொடாது. மிச்சத்தை நாம குடிப்போம்."

கெட்டில் கொதித்து அடங்கியது. வெல்டர் உடனே தூக்கப் போனார்.

"இருங்க. கொதி அடங்கி அரை நிமிஷம் போகட்டும். தளதளன்னு ஊத்தினா கசந்துடும்."

பிறகு ஊற்றினார். பொடி மேலே மிதந்து, பழுப்பு நுரையாக உப்பி எழுந்தது. மணம் அந்த மருந்து நெடிக்குள் புகுந்து அதைக் கொஞ்சம் ஓரம் தள்ளியது.

"ஸ்பூனால மெதுவா ஒரு கலக்கு. பொடி எல்லாம் நனையணும். இப்ப மூடியை வைங்க, ஆனா கம்பி மேலயே நிக்கட்டும். நாலு நிமிஷம் ஊறணும். அப்புறம்..."

நர்ஸ் வாசலில் வந்து நின்றாள். அந்த அம்மாவைப் பார்த்து எதிர் அறைப் பக்கம் தலையை அசைத்தாள். அந்த அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, நடந்துகொண்டே மீதியைச் சொன்னாள்.

"அப்புறம் மெதுவா அமுக்குங்க. விரல் கனம் போதும். முரண்டு பிடிச்சா கொஞ்சம் மேல தூக்கிட்டு மறுபடி அமுக்குங்க. உடனே வேற பாத்திரத்துக்கு ஊத்திடுங்க, அதுலயே விட்டா ஊறிக்கிட்டே இருக்கும். அடி வண்டலை விட்டுடுங்க."

எதிர் அறைக் கதவு அவள் பின்னால் சாத்திக்கொண்டது.

வெல்டர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கடிகாரத்தை விட்டுவிட்டு அந்தக் கதவைப் பார்த்தார். அழுகைச் சத்தம் வரும் என்று காத்திருந்தார். வரவில்லை, அது இன்னும் மோசமாக இருந்தது. நினைவு வந்து திரும்பியபோது நேரம் தாண்டியிருந்தது. இரண்டு விரலால் கம்பியை அமுக்கினார். எண்ணெயில் இறங்குவதுபோல் வழுவழுவென்று இறங்கியது.

காப்பியை ஃபிளாஸ்க்கில் ஊற்றி, ஒரு வாய் அளவைத் தம்ளரில் ஆற்றி எடுத்துப்போனார். குச்சியை முக்கிப் பிழிந்து அண்ணனின் உதட்டில் வைத்தார். அண்ணனின் உதடு குச்சியைக் கவ்வியது. கண்ணை மூடிக்கொண்டார். நெடுநேரம் விடவில்லை. பிறகு விரலை அசைத்தார். வெல்டர் குனிந்தார்.

"கொஞ்சம் கூட ஊறிடுச்சுடா."

வெல்டருக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணில் தண்ணீரும் வந்தது. "ஆமாண்ணே. வேற எங்கயோ பாத்துக்கிட்டு நின்னுட்டேன்."

"ம்" என்றார் அண்ணன். "இன்னொண்ணு குடு."

ஃபிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு வெல்டர் வராந்தாவுக்கு வந்தபோது, எதிர் அறை அம்மா வெளியே பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தாள். மகன் வந்துகொண்டிருக்கிறான், வழியில் இருக்கிறான் என்று யாரும் கேட்காமலே சொன்னாள். வெல்டர் ஒரு தம்ளர் ஊற்றி நீட்டினார். வாங்கிக்கொண்டாள். பாதி குடித்தாள்.

"கசக்குதா?" என்று கேட்டார்.

"கசக்குது" என்றாள். "பரவாயில்ல. சூடா இருக்கு."

மகன் வந்து அவளைக் கூட்டிக்கொண்டு போகும்வரை வெல்டர் அந்த பெஞ்சின் மறுகோடியில் உட்கார்ந்திருந்தார். போகும்போது அவள் திரும்பிப் பார்க்கவில்லை. மீதிப் பொடியைச் சமையலறை மேடையிலேயே விட்டுப்போயிருந்தாள்.

அந்தப் பொடி ஒரு வாரத்துக்கு வந்தது. தினமும் காலையில் வெல்டர் காப்பி போட்டார். கடிகாரத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஒருநாள் அண்ணன் "சரியா இருக்கு" என்றார்; அன்று வெல்டர் பட்டறைக்குப் போன் செய்து பையன்களிடம்கூட அதைச் சொன்னார். அதற்கடுத்த நாட்களில் உதடு குச்சியைக் கவ்வுவது குறைந்துகொண்டே வந்தது. பிறகு ஒரு காலை, உதட்டில் வைத்த காப்பி கன்னத்தோரம் வழிந்து தலையணையில் இறங்கியது. வெல்டர் அதைத் துடைத்துவிட்டு, தம்ளரை ஜன்னல் மேடையில் வைத்தார். அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். தம்ளரில் காப்பி சில்லிட்டுப்போகும்வரை இருவரும் அப்படியே இருந்தார்கள்.