டியர் தகேஷி

ஒசாகாவிலிருந்து எங்கள் கம்பெனியின் வாடிக்கையாளர், அறுபது தாண்டிய தகேஷி நகமுரா எழுதும் மெயில் எல்லாம் 'டியர் வேங்கடசுப்ரமணியன்-சான்' என்றுதான் தொடங்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒருநாள், "அது காலமான என் அப்பாவின் பெயர். என் பெயர் ஷ்யாமளா" என்று வெடுக்கென்று எழுதிவிட்டேன். முடிவில் ஒரு 'ரிகார்ட்ஸ்' கூடப் போடவில்லை.

பதில் வந்தது. "டியர் ஷ்யாமளா-சான், உங்கள் தந்தையிடம் மன்னிப்புக் கேட்கிறேன். குடும்பப் பெயர் என்று நினைத்தேன். எங்கள் ஊரில் மரியாதைக்கு அதோடு 'சான்' சேர்த்துத்தான் எழுதுவோம்."

மாட்டுங்கா ஆபீஸில் பக்கத்து மேஜைக்காரன் கிட்டு எட்டிப் பார்த்தான். "அப்போ அந்தப் பெரியவருக்கு நீ என்னன்னு எழுதறே?"

நான் அனுப்பியவற்றைத் திறந்தேன். இரண்டு வருஷமாக, எல்லாவற்றிலும் 'டியர் தகேஷி'. குடும்பப் பெயரான நகமுராவும் இல்லை, சானும் இல்லை.

அவர் ஒரு தடவைகூட என்னைத் திருத்தவில்லை.