காலிப் பெட்டிக்கு இரண்டு கிலோ

நாகஜோதி வாங்கியது இருபத்தேழு. தேறுவதற்கு வேண்டியது முப்பத்தைந்து. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஜெசி அந்த மார்க்கை வாட்ஸப்பில் அனுப்பி, கூடவே ஒரு ரோஜாப்பூ பொம்மையும் போட்டு, "நல்ல முயற்சி அக்கா, அடுத்த தடவை கலக்கிடலாம்" என்று எழுதினாள். மார்க் குறைந்தவர்களுக்கெல்லாம் அவள் வழக்கமாக அனுப்புகிற பூதான். அன்றைக்கு மட்டும் ஆறு பேருக்குப் போயிருந்தது. ஆறு பேருக்கும் அதே வாசகம்தான், ஒரு புள்ளி மாறவில்லை.

ஜெசிக்கு இருபத்து நான்கு வயது. ஊர் ராயப்பன்பட்டி. பி.எட். முடித்துவிட்டு உத்தமபாளையத்தில் ஒரு டுடோரியலில், பத்தாம் வகுப்பைத் தனியாக எழுதுகிறவர்களுக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்கிறாள். வகுப்பு போனில்தான். மாணவர்கள் வீட்டில் மாதிரிப் பரீட்சை எழுதித் தாளைப் படம் எடுத்து அனுப்புவார்கள், இவள் திருத்தி மார்க் போடுவாள். பெரும்பாலும் அவளைவிட மூத்தவர்கள்தான், ஆனாலும் வாய் நிறைய "டீச்சர்" என்பார்கள். அந்த மரியாதையில் கொஞ்சம் மிதப்பாகவும் இருந்தாள் என்று சொல்ல வேண்டும்.

நாகஜோதிக்கு முப்பத்தெட்டு. சுருளிப்பட்டியில் திராட்சைப் பெட்டி கட்டுகிற இடத்தில் எடை போடுகிறாள். பதினாறு வயதில் பத்தாவது எழுதி மற்ற நாலு பாடத்திலும் தேறி, கணக்கில் மட்டும் கோட்டை விட்டவள். சத்துணவு அமைப்பாளர் வேலைக்குப் பத்தாவது தேறியிருக்க வேண்டும், வயது நாற்பதைத் தாண்டக்கூடாது. துணைத்தேர்வுக்கு விண்ணப்பிக்க வெள்ளிக்கிழமை கடைசி நாள். இதை விட்டால் இன்னும் எத்தனை வாய்ப்பு மிஞ்சும் என்று அவள் விரல் விட்டு எண்ணி வைத்திருந்தாள்.

புதன்கிழமை காலையில் அவளிடமிருந்து குரல் செய்தி வந்தது. பின்னால் லாரி உறுமிக்கொண்டிருந்தது.

"டீச்சர், பூவெல்லாம் வேணாம். இருவத்திரண்டு வருசமா இந்தக் கணக்கு என்னைய வாசல்லயே நிப்பாட்டி வச்சிருக்கு. வெள்ளிக்கிழமையோட அப்ளிகேசன் முடியுதுன்னு சொன்னாக. நான் போடலன்னு முடிவு பண்ணிட்டேன். முயற்சி முயற்சிங்கிறீகளே, அந்தத் தாள்ல நான் உருப்படியா செஞ்சது ஏதாச்சும் இருந்தா எங்கன இருக்குன்னு எழுதிக் குடுங்க. வாயால சொன்னா காத்துல போயிரும். இல்லேன்னா இல்லன்னு சொல்லிருங்க, கோவிக்க மாட்டேன். பொய் மட்டும் வேணாம்."

ஜெசிக்குச் சுருக்கென்று தைத்தது. அந்தத் தாளில் ஏதாவது ஒன்றைச் சொல்லேன் என்று தன்னையே கேட்டுக்கொண்டபோது அவளுக்கு எதுவுமே நினைவுக்கு வரவில்லை. வருமா? கம்பம் பஸ்ஸில், சீட்டு கிடைக்காமல், ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் போனைத் தள்ளித் தள்ளித் திருத்திய தாள் அது. வகுப்பு இல்லாத நேரமாகப் பார்த்து டுடோரியல் மேஜையில் உட்கார்ந்தாள். பதினான்கு படங்களையும் கம்ப்யூட்டரில் இறக்கிப் பெரிதாக்கினாள். சிலவற்றில் கட்டைவிரலின் நிழல் விழுந்திருந்தது. ஒன்று தலைகீழாக இருந்தது. அதை நேராக்கிவிட்டு முதல் படத்திலிருந்து படித்தாள்.

முதலில் கண்ணில் பட்டது காரணிப்படுத்தி x-இன் மதிப்பைக் காணும் கணக்கு. அதற்கு இரண்டில் ஒரு மார்க் போட்டிருந்தாள். விடையில் குறி மாறிப் போயிருந்தது. ஆனால் ஓரத்தில் நாகஜோதி போட்டுப் பார்த்துக் கழித்த ஜோடி எண்களை இப்போதுதான் வரிசையாகப் பார்த்தாள். பார்த்ததும் நாற்காலியை மேஜைக்குக் கிட்டே இழுத்துக்கொண்டாள்.

அடுத்து வட்டமும் தொடுகோடும். பென்சில் கோடு மயிரிழைபோல் மெல்லிசாக இருந்தது. அவள் வகுப்பில் காம்பஸ் பிடிக்கத் தெரிந்த இளவட்டங்கள்கூட இப்படி வரைந்ததில்லை.

முப்பத்தேழாவது கேள்விக்கு வந்தாள். அது அவளே எழுதிய கேள்வி. ஊர்க்காரர்களுக்குப் புரியட்டும் என்று திராட்சைப் பெட்டியை வைத்து எழுதியிருந்தாள்: ஐந்து பெட்டிகளின் எடை 24, 20, 28, 22, 26 கிலோ, திட்ட விலக்கம் காண்க. சராசரி 24 வர வேண்டும். நாகஜோதியின் தாளில் 22 என்று இருந்தது. அதைப் பார்த்ததுமே செவ்வாய்க்கிழமை சிவப்பில் ஒரு பெருக்கல் குறி போட்டு, ஐந்துக்குச் சைபர் கொடுத்துவிட்டாள்.

இப்போது அட்டவணையைப் பார்த்தாள். 22, 18, 26, 20, 24. எல்லா எண்ணிலும் இரண்டு குறைந்திருந்தது. தப்பாகப் பார்த்து எழுதினால் ஒன்று தப்பும், இரண்டு தப்பும். ஐந்தும் ஒரே அளவில் தப்புமா? படத்தை இன்னும் பெரிதாக்கினாள். நிழலுக்குள், ஓரத்தில், பொடி எழுத்தில் "காலி – 2" என்று இருந்தது.

காலிப் பெட்டி! பிளாஸ்டிக் பெட்டிக்கு இரண்டு கிலோ. தராசில் ஏற்றுகிற ஒவ்வொரு பெட்டிக்கும் நாள் முழுக்க நாகஜோதி கழிக்கிற இரண்டு கிலோ. பெட்டி என்று கேள்வியில் பார்த்ததும் கை தானாகக் கழித்துவிட்டது. ஜெசி தனியாக இருந்தும் வாய்விட்டுச் சிரித்தாள்.

சிரிப்பு பாதியில் நின்றது. எல்லாவற்றிலும் இரண்டு குறைந்தால் சராசரியிலும் இரண்டுதானே குறையும்? அப்படியானால் சராசரியிலிருந்து ஒவ்வொன்றும் விலகி நிற்கிற தூரம்? காகிதத்தை எடுத்துப் போட்டுப் பார்த்தாள். 0, –4, 4, –2, 2. இரண்டு அட்டவணைக்கும் அதேதான். வர்க்கங்களின் கூடுதல் 40, ஐந்தால் வகுத்தால் 8, அதன் வர்க்கமூலம் 2.83. அவசரமாக அடுத்த படத்துக்குப் போனாள். அதன் உச்சியில், கோடு போட்டு, கட்டம் கட்டி, நாகஜோதி எழுதியிருந்தாள்: 2.83.

விடை அடுத்த பக்கத்தில் இருந்திருக்கிறது. டீச்சரம்மா பக்கத்தைத் திருப்பவே இல்லை.

ஜெசிக்கு முகம் சூடாகிவிட்டது. "எல்லா மதிப்புகளோடும் ஒரே எண்ணைக் கூட்டினாலும் கழித்தாலும் திட்ட விலக்கம் மாறாது" என்று கரும்பலகையில் எழுதி, மனப்பாடம் பண்ணுங்கள் என்று சொன்னவளே அவள்தான். அது ஒருத்தியின் கையிலிருந்து உயிரோடு எழுந்து வந்தபோது அடையாளம் தெரியாமல் அடித்துவிட்டாள்.

இருபத்தேழும் ஐந்தும் முப்பத்திரண்டு. இன்னும் மூன்று. மூன்றே மூன்றுதான். அந்த இடத்தில் ஜெசியின் மனசு கொஞ்சம் தடம் மாறியது என்பதையும் சொல்லிவிட வேண்டும். வட்டத்துக்கு எட்டுக்கு ஐந்து கொடுத்திருந்தாள், அதை எட்டாக்கினால் காரியம் முடிந்தது, யார் கேட்கப் போகிறார்கள்? சிவப்புப் பேனாவைக்கூட எடுத்துவிட்டாள். பொய் மட்டும் வேணாம் என்ற குரல் காதிலேயே நின்றது. பேனாவை மூடிவிட்டு, நீல மையில் கடிதம் எழுத ஆரம்பித்தாள்.

"நாகஜோதி அக்காவுக்கு,

நீங்கள் கேட்டபடி எழுதுகிறேன். ஒவ்வொன்றுக்கும் படத்தின் எண்ணைப் போட்டிருக்கிறேன், பக்கத்தில் வைத்துச் சரிபாருங்கள்.

மூன்றாவது படம். பெருக்கினால் –72, கூட்டினால் 1 வருகிற இரண்டு எண் வேண்டும். நீங்கள் 36, –2 என்று தொடங்கியிருக்கிறீர்கள். அடுத்து 24, –3. பிறகு 18, –4. பிறகு 12, –6. கடைசியில் 9, –8. கூட்டுத்தொகை 34, 21, 14, 6, 1 என்று படிப்படியாக இறங்குகிறது. இது குருட்டாம்போக்கு இல்லை அக்கா. எந்தப் பக்கம் போக வேண்டும் என்று தெரிந்து போயிருக்கிறீர்கள். வேண்டாததை ஒரே கோட்டில் அடித்ததால்தான் எனக்கு அது படிக்கக் கிடைத்தது. ஆனால் கடைசி வரியில் x-இன் மதிப்பைக் குறி மாற்றி –9, 8 என்று எழுத வேண்டியதை 9, –8 என்றே எழுதிவிட்டீர்கள். அதற்குத்தான் ஒரு மார்க் போனது.

பதினோராவது படம். வட்டம், நடுக்குத்துக்கோடு, இரண்டு தொடுகோடு, எல்லாம் சரி. வில் வரைந்த தடங்களை அழிக்காமல் விட்டதும் சரி, திருத்துகிறவர் அதைத்தான் தேடுவார். ஆனால் தொடுகோட்டின் நீளத்தை அளந்து எழுதவில்லை, சரிபார்க்கவும் இல்லை. நாள் முழுக்க அளக்கிறவர் நீங்கள்! ஸ்கேலை வைத்து 4 செ.மீ. என்று எழுதி, 5-இன் வர்க்கத்திலிருந்து 3-இன் வர்க்கத்தைக் கழித்து வர்க்கமூலம் எடுத்துக் காட்டியிருந்தால் மூன்று மார்க்.

எட்டாவது, ஒன்பதாவது படம். இது என் தப்பு. காலிப் பெட்டியைக் கழித்துவிட்டீர்கள். அதனால் சராசரி மாறியது, திட்ட விலக்கம் மாறவில்லை. ஏனென்றால் எல்லாப் பெட்டியும் ஒரே அளவு இறங்கினால் ஒன்றுக்கொன்று உள்ள வித்தியாசம் அப்படியே இருக்கும். உங்கள் விடை சரி. நான் ஒன்பதாவது படத்தைப் பார்க்காமலே சைபர் போட்டேன். மன்னித்துக்கொள்ளுங்கள். முழு ஐந்தும் உங்களுடையது. ஆனால் பரீட்சையில் கொடுத்த எண்ணையே எடுங்கள், சராசரியைக் கேட்டிருந்தால் இதே கணக்கு தப்பாகியிருக்கும்.

திரிகோணமிதியில் ஒன்றும் எழுதவில்லை, வரைபடத்தைத் தொடவே இல்லை. அதை மறைக்க மாட்டேன். இப்போது உங்கள் மார்க் 32. இன்னும் தேறவில்லை. ஆனால் இந்தத் தாளை எழுதியவருக்குக் கணக்கு வராது என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்குப் போவேன்.

ஜெசி."

கீழே மார்க்கைப் பிரித்து எழுதினாள்: ஒரு மார்க் கேள்விகள் 10, இரண்டு மார்க் 6, ஐந்து மார்க் 6 + 5, வடிவியல் 5. படம் எடுத்து அனுப்பினாள். இரண்டு நீலக் குறியும் விழுந்தன. பதில் வரவில்லை.

வியாழக்கிழமையும் வரவில்லை. வகுப்பில் நாகஜோதியின் பெயர் பச்சையாக எரியவில்லை. நம்மால்தான் கெட்டது, அந்தச் சைபரை அன்றைக்கே ஒழுங்காகப் பார்த்திருந்தால் இந்த மனுஷி இப்படி ஒடிந்திருக்க மாட்டாள் என்று ஜெசிக்குச் சோறே இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை பதினொன்றரைக்குக் குரல் செய்தி வந்தது. பின்னால் லாரிச் சத்தம் இல்லை, ஆள் கூட்டத்தின் சத்தம்.

"டீச்சர், லெட்டரை நாலு வாட்டி படிச்சேன். நீங்க சொன்ன படத்தையெல்லாம் எடுத்து வச்சுப் பாத்தேன். அந்த 36, 24 விசயம் எனக்கே தெரியாது டீச்சர், நான் பாட்டுக்குப் போட்டேன். பாத்ததும் அழுகை வந்துருச்சு. அப்புறம் ஒண்ணு. ஒரு மார்க் கேள்வியில பத்துன்னு போட்டிருக்கீக. நான் ஒவ்வொண்ணா எண்ணிப் பாத்தேன், ஒம்பதுதான் சரி. ஒண்ணு கூடப் போட்டுட்டீக. அப்ப 32 இல்ல, 31. எனக்கு மூணு பத்தாது, நாலு வேணும்."

ஜெசி அவசரமாக முதல் படத்தைத் திறந்து எண்ணினாள். ஒன்பதுதான்.

குரல் தொடர்ந்தது. "இப்ப சேவை மையத்துல வரிசையில நிக்கிறேன். எனக்கு முன்னால ரெண்டு பேருதான். அந்தத் திரிகோணமிதி இருக்குல்ல, அதை ஞாயித்துக்கிழமை ஆரம்பிங்க டீச்சர். இந்த வாட்டி பக்கத்தைத் திருப்பிப் பாத்துத் திருத்துங்க."