எனக்கு வர வேண்டிய காகிதங்கள்

எங்கள் அரிசி ஆலை முதலாளி ராஜசேகர் சார் மொழிபெயர்ப்பு மென்பொருளுக்குப் பணம் கட்டிய அன்றே என் மேஜையில் இரண்டு தட்டுகளைக் கொண்டுவந்து வைத்தார்.

"ஹுமைரா, இது மெஷினுக்கு, இது உங்களுக்கு. எது எதுல போகணும்னு நீங்களே பிரிச்சுக் குடுங்க."

ஆட்டையே கூப்பிட்டுக் கறிக்கு எடை போடச் சொல்வது போல இருந்தது. ஆனால் சார் கெட்டவர் இல்லை. கணக்குப் பார்க்கிறவர், அவ்வளவுதான்.

ஆலை நன்னிலத்தில் இருக்கிறது. இங்கே அவித்துக் காயவைக்கிற புழுங்கல் அரிசி சவுதிக்கும் குவைத்துக்கும் போகிறது. அங்கிருந்து அரபியில் வருவதை எல்லாம் ஆங்கிலமாக்கி சாரிடம் கொடுப்பதும், அவர் பதிலை அரபியில் எழுதி அனுப்புவதும் என் வேலை. அதற்கு மாதச் சம்பளம்.

அந்தச் சம்பளத்தை நம்பித்தான் என் கணவர் ஃபாஜில் மச்சான் ஊருக்கு வருவதாக இருந்தார். கல்யாணமாகி நாங்கள் சேர்ந்து இருந்ததெல்லாம் அவர் லீவுக்கு வந்த மாதங்கள் மட்டும். சவுதியில், தம்மாமில் ஒரு கேட்டரிங் கம்பெனியில் ஸ்டோர் பார்க்கிறார். ஒப்பந்தம் முடியப்போகிறது. மறுபடி கையெழுத்துப் போட்டால் இன்னும் இரண்டு வருஷம். போடாமல் வந்துவிட்டால், இங்கே ஒரு தொழில் பிடிக்கும்வரை என் சம்பளத்தில் வீடு ஓடும். ஆகவே என் தட்டு நிரம்பினால் அவர் வருவார். மெஷின் தட்டு நிரம்பினால் வரமாட்டார். இப்படிப் பிரிக்கிற வேலையை யாருக்கும் கொடுக்கக் கூடாது.

பழைய காகிதங்களையும் மெயில்களையும் எடுத்து வைத்துக்கொண்டு மெஷினோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். தப்பு செய்யாதா என்று ஆசையாகத் தேடினேன். கப்பல் எப்போது கிளம்புகிறது, இந்த வாரம் என்ன விலை, சரக்கு எங்கே நிற்கிறது என்று வருகிற மெயில்களை அது விஷயம் பிசகாமலே செய்தது. அங்கங்கே வாசகம் கோணலாக இருந்தது. இருந்தால் என்ன? சார் ஒருவர் படித்து விஷயத்தைத் தெரிந்துகொள்வதற்கு அது போதும். சந்தேகம் வந்தால் திரும்பக் கேட்டுக்கொள்ளலாம். அவையெல்லாம் மெஷின் தட்டுக்குப் போயின.

ஒப்பந்தம், மூட்டை மேல் ஒட்டுகிற லேபிள், சரக்கில் குறை என்று வருகிற புகாருக்கு நாம் எழுதும் பதில் ஆகியவை என் தட்டுக்கு வந்தன. இவற்றில் தப்பு வந்தால் நம் பெயரில் வெளியே போய்விடும். துறைமுகத்தில் சரக்கு நிற்கும், கோர்ட்டில் வாசிப்பார்கள். இவற்றை மெஷின் செய்தாலும் வரிக்கு வரி மூலத்தோடு வைத்து நான் பார்த்தே ஆக வேண்டும். பேக்கிங் லிஸ்ட் மாதிரி நடுவில் நிற்பவற்றில் எண், பெயர், தேதி மூன்றையும் ஒத்துப் பார்த்தால் போதும்.

பிரித்து முடித்ததும் என் தட்டைப் பார்த்தேன். வாரத்தில் பாதி நாள்கூட வேலை வராது. அழுகைதான் வந்தது.

வாட்ஸ்அப்பை சாரும் நானும் காகிதமாக நினைக்கவில்லை. சீல் வைத்ததும் மெயிலும் காகிதம், மற்றதெல்லாம் பேச்சு. அதுதான் எங்கள் ஆலையில் வழக்கம். தம்மாம் வியாபாரி அபூ சாலிஹ் எழுதினால் முக்கால்வாசி சலாமும் நலம் விசாரிப்பும்தான். "அதை மெஷினே படிச்சுக்கும்" என்றார் சார். நானும் தலையாட்டினேன்.

ஆனால் அபூ சாலிஹ் எழுதுவதை மட்டும் நான் விடவில்லை. வேலைக்காக இல்லை. இன்று புழுதிக்காற்று, இன்று குளிர், மீன் மார்க்கெட் பக்கம் ஒரே நெரிசல் என்றெல்லாம் எழுதுவார். மச்சானிடம் கேட்டால் "நல்லா இருக்கேன்" என்பதைத் தாண்டி ஒரு வார்த்தை வராது. அவர் மேல் அடிக்கிற காற்றை யாரோ ஒரு அரபிக்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். படித்துவிட்டு அன்றைக்கு மச்சான் கழுத்தைச் சுற்றித் துண்டு கட்டியிருப்பாரா என்று யோசிப்பேன். இப்படியும் ஒரு குடும்பம்.

அன்றும் அப்படித்தான் படித்துக்கொண்டிருந்தேன். வெளியே மேஸ்திரி வீரையண்ணன் ஆட்களை வைத்து மூட்டை தைத்துக்கொண்டிருந்தார். அபூ சாலிஹின் செய்தியில் வெயில், அம்மாவின் முட்டி வலி, பிறகு ஆர்டர். போன முறை மாதிரியே அனுப்புங்கள். அதற்குக் கீழே, இந்த முறை மூட்டையில் என் கடைப் பெயர் அச்சடித்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் சரக்கை எடுக்கமாட்டேன் என்று இருந்தது.

மெஷின் கொடுத்த ஆங்கிலத்தைத் திறந்தேன். வெயில் இருந்தது. முட்டி வலி இருந்தது. போன முறை மாதிரியே அனுப்பச் சொன்னதும் இருந்தது. அந்தக் கடைசி வரியைக் காணோம். பேச்சு வழக்கில் எழுதியதை முழுங்கிவிட்டு, ஒன்றுமே நடக்காதது போல வழவழவென்று முடித்திருந்தது. கோணலாக இருந்தாலாவது சார் சந்தேகப்பட்டிருப்பார். அதைப் படித்துத்தான் அவர் பழைய மூட்டையிலேயே தைக்கச் சொல்லியிருந்தார்.

ஓடினேன். "அண்ணே, நிறுத்துங்க, தைக்காதீங்க!"

வீரையண்ணன் ஊசியோடு திரும்பிப் பார்த்தார். "என்னம்மா, அரிசில பூச்சியா?"

"மூட்டை மாறணும்ணே."

சார் வந்து கேட்டுவிட்டுச் சாக்கு அடுக்கின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்து என் பக்கம் வந்தார்.

"போதும்மா. இனிமே எல்லாமே நீங்களே பாருங்க. மெஷினே வேணாம். பழைய சம்பளம், பழைய வேலை."

'சரி சார்' என்றால் முடிந்தது. மச்சான் கையெழுத்துப் போட வேண்டியதில்லை. வாய் வரை வந்துவிட்டது.

ஆனால் எனக்கு சாரைத் தெரியும். பயம் தெளிய மூன்று மாதம். அதற்குப் பிறகு, விலை மெயிலுக்கு எதற்கு ஒரு ஆள் என்று அவருக்கே தோன்றும். தோன்றுவதும் நியாயம்தான். அதற்குள் மச்சான் விசாவை முடித்துக்கொண்டு வந்து நிற்பார். அப்போது என் வேலையும் இருக்காது, அவர் வேலையும் இருக்காது.

"வேணாம் சார். பிரிச்சதுல ஒரு தப்பு, அது நம்ம ரெண்டு பேரு தப்பு. வாட்ஸ்அப்பைப் பேச்சுன்னு ஒதுக்கிட்டோம். அதை வச்சு நாம என்ன செய்யப்போறோம்னு பாத்துருக்கணும். ஆர்டர் முடிவாகுற செய்தி எதுல வந்தாலும் எனக்கு வரட்டும். மத்ததெல்லாம் மெஷினே பாத்துக்கும்."

"அப்ப உங்களுக்கு முழு வேலை வராதேம்மா. பாதிச் சம்பளம்தான் குடுக்க முடியும்."

"தெரியும் சார்."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அரைச் சம்பளத்தை வாய் கிழிய வாதாடி வாங்கிய முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

ஆலைக்குப் பின்னால் வாய்க்கால் கரையில் நின்று மச்சானுக்குப் போன் போட்டேன். மேட்டூர் திறந்து புதுத் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். எனக்கே என் மேல் ஆத்திரமாக இருந்தது.

"அதனால நீங்க கையெழுத்துப் போட்டுருங்க மச்சான். ரெண்டு வருஷம்தானே" என்றேன்.

அந்தப் பக்கம் ஏதோ கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

"மச்சான்?"

"நான் முந்தாநாளே எழுதிக் குடுத்துட்டேன் ஹுமைரா. கையெழுத்துப் போடமாட்டேன்னு. உன்கிட்ட சொன்னா கணக்குப் போட்டுத் தடுத்துருவியோன்னுதான் சொல்லல."

நன்றாகத் திட்டியிருக்க வேண்டும். அரைச் சம்பளம், வீட்டுச் செலவு, மாமியாரின் மருந்து எல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லிக் கேட்டிருக்க வேண்டும். எனக்கு வாயில் வந்தது ஒன்றுதான்.

"எந்தத் தேதி மச்சான்?"